மாடல் "70%" என்றால் உண்மையில் 70%தானா? கேலிப்ரேஷன் வளைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேலிப்ரேஷன் வளைவு என்னத்தைக் காட்டுகிறது?

மாடல் சொன்ன நிகழ்தகவையும் உண்மையில் நடந்த விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் படம், அவ்வளவுதான். ஒரு மாடல் ஆயிரம் பேருக்குத் தனித்தனியாக "30% வாய்ப்பு" என்று சொல்லியிருந்தால், அந்த ஆயிரத்தில் சுமார் முந்நூறு பேருக்கு அது நடந்திருக்க வேண்டும். நூறு பேருக்குத்தான் நடந்தது என்றால் மாடல் மிகையாகச் சொல்கிறது. ஐந்நூறு பேருக்கு நடந்தது என்றால் குறைத்துச் சொல்கிறது.

ஒரே ஒரு ஆளை வைத்து இதைச் சோதிக்க முடியாது. "30%" என்று சொன்ன ஒருவருக்கு நடந்தாலும் மாடலைக் குறை சொல்ல முடியாது, நடக்காவிட்டாலும் பாராட்ட முடியாது. அதனால்தான் ஒரே மாதிரியான நிகழ்தகவு பெற்றவர்களைச் சேர்த்து வைத்து எண்ணுகிறோம். கிடை அச்சில் அந்தக் கூட்டத்துக்கு மாடல் சொன்ன சராசரி, செங்குத்து அச்சில் அந்தக் கூட்டத்தில் நடந்த விகிதம். இரண்டும் சமமானால் புள்ளி மூலைவிட்டத்தின் மேல் உட்காரும்.

வானிலை முன்னறிவிப்பாளர்கள் இந்த வேலையை நம்மைவிட வெகு காலமாகச் செய்துவருகிறார்கள். நிகழ்தகவுக் கணிப்புகளுக்கு மதிப்பெண் போட இன்றும் பயன்படும் பிரையர் ஸ்கோர், கிளென் பிரையர் என்ற வானிலையாளர் 1950இல் முன்வைத்தது.

எப்படி வரைவது? எண்களோடு ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

சந்தா கட்டும் வாடிக்கையாளர்களில் அடுத்த 30 நாளில் யார் சந்தாவை நிறுத்துவார்கள் என்று கணிக்கும் ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. சோதனைத் தரவில் 10,000 பேர், அவர்களில் உண்மையில் நிறுத்தியவர்கள் 1,000 பேர். 0 முதல் 1 வரையுள்ள நிகழ்தகவை ஐந்து சமப் பிரிவுகளாக வெட்டி, ஒவ்வொருவரையும் அவரவர் பிரிவில் போட்டு எண்ணினால் இப்படி வருகிறது:

| பிரிவு | ஆட்கள் | மாடல் சொன்ன சராசரி | உண்மையில் நிறுத்தியவர்கள் | நடந்த விகிதம் |
|---|---|---|---|---|
| 0–0.2 | 3,500 | 0.10 | 42 | 1.2% |
| 0.2–0.4 | 2,500 | 0.30 | 115 | 4.6% |
| 0.4–0.6 | 2,000 | 0.50 | 196 | 9.8% |
| 0.6–0.8 | 1,200 | 0.70 | 251 | 20.9% |
| 0.8–1 | 800 | 0.90 | 396 | 49.5% |

மூன்றாவது நெடுவரிசையைக் கிடை அச்சிலும் கடைசி நெடுவரிசையைச் செங்குத்து அச்சிலும் வைத்துப் புள்ளிகளை இணைத்தால் வளைவு ரெடி. பைத்தானின் சைகிட்-லேர்னில் ஒரே வரி; `y` என்பது உண்மையில் நடந்ததா இல்லையா, `p` என்பது மாடல் சொன்ன நிகழ்தகவு:

```python
import numpy as np
from sklearn.calibration import calibration_curve

prob_true, prob_pred = calibration_curve(y, p, n_bins=5)
n, _ = np.histogram(p, bins=np.linspace(0, 1, 6))
```

இதில் கடைசி வரியை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். `calibration_curve` இரண்டு விகிதங்களைத்தான் திருப்பித் தருகிறது, எந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று சொல்வதில்லை. ஆளே இல்லாத பிரிவைச் சத்தமில்லாமல் விட்டும்விடுகிறது. எண்ணிக்கை தெரியாமல் இந்தப் படத்தைப் படிப்பது ஆபத்து. ஏன் என்று கீழே வரும்.

என் வளைவில் எல்லாப் புள்ளிகளும் மூலைவிட்டத்துக்குக் கீழே தொங்குகின்றன. மாடல் மோசமா?

மோசம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் பயிற்சித் தரவை எப்படித் தயார் செய்தீர்கள் என்று பாருங்கள். மேலே உள்ள அட்டவணையும் அப்படித்தான் இருக்கிறது. மாடல் சொன்ன சராசரியை எல்லாருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 36.6% வருகிறது, நடந்ததோ 10%. வளைவு வரைவதற்கு முன்பே இந்த இரண்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் இவ்வளவு தூரம் என்றால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பயிற்சியின்போது தரவைச் சமன் செய்திருப்பார்கள்.

பத்து பேரில் ஒருவர்தான் நிறுத்துகிறார் என்பதால், நிறுத்தாதவர்களில் ஒன்பதில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப் போட்டு 50:50 ஆக்கிப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். மாடல் பார்த்த உலகத்தில் பாதிப் பேர் சந்தாவை நிறுத்துகிறார்கள். அந்த உலகத்துக்கு அது சொல்லும் 0.5 சரியான பதில்தான். நம் உலகத்தில் அதே ஆளுக்கு 0.1 வருகிறது. அட்டவணையின் நடு வரியைப் பாருங்கள்: 0.50 என்று சொன்ன இடத்தில் 9.8%.

ஆட்களைத் தூக்கிப் போடாமல் `class_weight='balanced'` என்று கொடுத்திருந்தாலும் விளைவு இதேதான். சிறுபான்மை வகுப்புக்குச் செயற்கை மாதிரிகள் உருவாக்கிச் சேர்த்திருந்தாலும் வளைவு இதே பக்கம்தான் சாயும். வகுப்புகள் சமமில்லை என்றாலே உடனே சமன் செய்ய வேண்டும் என்ற பழக்கம் பரவலாக இருக்கிறது. நிகழ்தகவுதான் வேண்டும் என்றால் பல நேரம் சமன் செய்யாமலேயே விட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

ஏயூசி நன்றாகத்தானே இருக்கிறது? இதை ஏன் சரிசெய்ய வேண்டும்?

ஏயூசி வரிசையை மட்டும்தான் பார்க்கும். நிறுத்தப் போகிறவருக்கு நிறுத்தாதவரைவிட அதிக மதிப்பெண் கிடைத்ததா என்பதோடு அதன் வேலை முடிந்தது. எல்லா நிகழ்தகவையும் பாதியாக்கினாலும் வரிசை மாறாது, ஏயூசியும் மாறாது. ஆபத்து அதிகமுள்ள முதல் ஐந்நூறு பேரின் பட்டியல் மட்டும் போதும் என்றால் கேலிப்ரேஷனைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடலாம்.

ஆனால் நிகழ்தகவை ஒரு செலவோடு பெருக்கி முடிவெடுக்கும் நிமிடத்தில் கதை மாறுகிறது. ஒருவரை அழைத்துப் பேச 1 அலகு செலவு, அவர் போய்விட்டால் 5 அலகு இழப்பு, அழைத்தால் கண்டிப்பாகச் சந்தாவைத் தொடர்வார் என்று எளிமையாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிகழ்தகவு 0.2க்கு மேல் உள்ளவரை அழைப்பது லாபம், கீழே உள்ளவரை அழைப்பது நட்டம்.

மாடல் சொன்னதை அப்படியே நம்பி 0.2இல் வெட்டினால் 6,500 பேரை அழைக்க வேண்டும். அவர்களில் உண்மையில் போகவிருந்தவர்கள் 958 பேர். தவிர்த்த இழப்பு 4,790 அலகு, அழைப்புச் செலவு 6,500 அலகு. முடிவில் 1,710 அலகு நட்டம். நடந்த விகிதம் 20%ஐத் தாண்டுவது கடைசி இரண்டு பிரிவுகளில்தான். அந்த 2,000 பேரை மட்டும் அழைத்திருந்தால் 647 பேரைத் தக்கவைத்து 3,235 அலகு மிச்சம், 2,000 செலவு, 1,235 அலகு லாபம். மாடலும் அதேதான், ஏயூசியும் அதேதான்.

சரி, எப்படித் திருத்துவது?

சமன் செய்ததுதான் காரணம் என்றால் தனியாக எதையும் பயிற்றுவிக்கத் தேவையில்லை, கணக்கு போட்டே திருப்பிவிடலாம். நிகழ்தகவை ஆட்ஸாக, அதாவது நடப்பதற்கும் நடக்காததற்கும் உள்ள விகிதமாக மாற்றுங்கள். 0.8 என்றால் 0.8க்கு 0.2, ஆட்ஸ் 4. பெரும்பான்மை வகுப்பில் எந்தப் பங்கை வைத்துக்கொண்டீர்களோ அதால் பெருக்குங்கள். இங்கே அது ஒன்பதில் ஒன்று, எனவே 4/9. அதை மறுபடி நிகழ்தகவாக்கினால் 4/13, அதாவது 0.31. இதையே ஒரே சூத்திரத்தில் எழுதலாம்:

```python
beta = 1 / 9
p_new = beta * p / (1 - (1 - beta) * p)
```

அட்டவணையின் சராசரிகளைப் போட்டுப் பாருங்கள். 0.3 என்பது 0.045 ஆகிறது, நடந்தது 4.6%. 0.7 என்பது 0.21 ஆகிறது, நடந்தது 20.9%. 0.9 என்பது 0.5 ஆகிறது, நடந்தது 49.5%. ஐந்து பிரிவும் இப்படி ஒத்துப்போவதால் இந்த மாடலில் வேறு கோளாறு இல்லை, சாய்வு முழுக்கச் சமன் செய்ததால் வந்தது என்று சொல்லிவிடலாம்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஆட்களை எந்தப் பாகுபாடும் இல்லாமல் தற்செயலாக நீக்கியிருந்தால்தான் இந்தச் சூத்திரம் பொருந்தும். அப்புறம், பிரிவின் சராசரியைத் திருத்துவதோடு நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு ஆளின் நிகழ்தகவையும் தனித்தனியே திருத்திவிட்டு, புதிதாகப் பிரித்து, புதிதாக வரைய வேண்டும். செயற்கை மாதிரிகள் சேர்த்த மாடலுக்கு இந்தக் கணக்கு தோராயமாகத்தான் வரும். அங்கே சமன் செய்யாமல் மறுபயிற்சி கொடுப்பதே நல்லது.

சோதனைத் தரவில் வளைவு மூலைவிட்டத்தோடு ஒட்டிப் போனது. நிஜத்தில் ஓடவிட்டால் எல்லாம் மிகையாக வருகிறது. எப்படி?

சோதனைத் தரவையும் சேர்த்துச் சமன் செய்திருப்பீர்கள். முதலில் முழுத் தரவையும் 50:50 ஆக்கிவிட்டு, பிறகு பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரித்தால் இப்படித்தான் ஆகும். பாதிப் பேர் சந்தாவை நிறுத்தும் உலகத்தில் பழகிய மாடலை அதே உலகத்தில் சோதிக்கிறீர்கள், அதனால் வளைவு அழகாக இருக்கிறது. இந்தத் தவறை வளைவு தானாகக் காட்டிக்கொடுக்காது. கண்டுபிடிக்க ஒரே வழி, சோதனைத் தரவில் நடந்த விகிதத்தை நிஜத்தில் உள்ள விகிதத்தோடு ஒப்பிடுவது. அங்கே 50%, இங்கே 10% என்றால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. முதலில் பிரியுங்கள், பயிற்சிப் பகுதியை மட்டும் வேண்டுமானால் சமன் செய்யுங்கள், சோதனைப் பகுதியைத் தொடாதீர்கள்.

திருத்திய பிறகு எல்லாரும் இடது மூலையில் குவிந்துவிட்டார்கள். வளைவில் ஒன்றும் தெரியவில்லையே?

அது நல்ல அறிகுறிதான். 10% பேருக்கு மட்டும் நடக்கும் ஒரு விஷயத்தில் பெரும்பாலானவர்களின் நிகழ்தகவு சிறியதாகத்தான் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் திருத்தியபின் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் 0.2க்குக் கீழே வந்துவிடுவார்கள். சம அகலப் பிரிவுகளில் அந்த எட்டாயிரம் பேரும் ஒரே புள்ளியாகிவிடுகிறார்கள், மீதிச் சிலர் நான்கு புள்ளிகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

அகலத்துக்குப் பதில் எண்ணிக்கையைச் சமமாக்குங்கள். `strategy='quantile'` என்று கொடுத்து `n_bins=10` வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆயிரம் பேர். 2%க்கும் 5%க்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இதிலும் ஒரு குறை உண்டு: உச்சியில் இருக்கும் ஆயிரம் பேரில் 0.3 பெற்றவரும் 0.95 பெற்றவரும் கலந்துவிடலாம். முடிவெடுக்கும் எல்லை 0.2 என்றால் அந்த எல்லையைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் நெருக்கமாகப் பிரித்து இன்னொரு படம் வரைந்து பார்ப்பேன். எல்லா இடத்திலும் ஒரே அளவு துல்லியம் தேவைப்படுவதில்லை.

வலது ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் எங்கேயோ போய் நிற்கிறது. மாடல் அங்கே தவறா?

அந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள். 20 பேர் இருந்து அவர்களில் 6 பேருக்கு நடந்திருந்தால் விகிதம் 30%. ஆனால் வில்சன் முறையில் 95% இடைவெளி போட்டால் ஏறத்தாழ 15% முதல் 52% வரை எதுவும் சாத்தியம். மாடல் அங்கே 0.45 என்று சொல்லியிருந்தாலும் அதைத் தவறு என்று நிரூபிக்க அந்த 20 பேர் போதாது. நம் அட்டவணையின் கடைசி வரியில் 800 பேர் இருப்பதால் 49.5%ஐச் சுற்றி மூன்றரைச் சதவீதப் புள்ளி மட்டுமே ஊசலாட்டம். 0.90க்கும் 49.5%க்கும் உள்ள இடைவெளி தற்செயலாக வந்திருக்கவே முடியாது.

ஒவ்வொரு புள்ளிக்கும் இந்த இடைவெளிக் கோட்டையும், படத்துக்குக் கீழே எண்ணிக்கைப் பட்டைகளையும் வரையாத கேலிப்ரேஷன் வளைவை நான் நம்புவதில்லை.

ஈசிஇ என்ற ஒற்றை எண்ணிலும் இதே சிக்கல் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் சொன்னதற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சராசரி கண்டால் ஈசிஇ. கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டு வித்தியாசத்தின் அளவை மட்டும் எடுப்பதால், குறையே இல்லாத மாடலுக்கும் அது பூஜ்யம் ஆகாது. 100 பேர் கொண்ட பிரிவுகளில் நிகழ்தகவு 0.3ஐ ஒட்டி இருந்தால் வெறும் தற்செயலாலேயே சுமார் 0.037 வந்துவிடும். பிரிவுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் இது இன்னும் ஏறும். ஆகவே பிரிவு எண்ணிக்கையும் தரவின் அளவும் வேறாக இருக்கும்போது இரண்டு மாடல்களின் ஈசிஇயை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

நான் எதையும் சமன் செய்யவில்லை. ஆனாலும் வளைவு நேராக இல்லாமல் நெளிகிறது. ஏன்?

நெளிவு எந்தப் பக்கம் என்பதில்தான் விடை இருக்கிறது. இடது பக்கம் மூலைவிட்டத்துக்குக் கீழேயும் வலது பக்கம் மேலேயும் போனால் மாடல் தயங்குகிறது: 0.05 சொல்ல வேண்டிய இடத்தில் 0.2, 0.95 சொல்ல வேண்டிய இடத்தில் 0.8. ரேண்டம் ஃபாரஸ்டில் இது சகஜம். பல மரங்களின் சராசரி 0 ஆக வேண்டுமானால் எல்லா மரமும் 0 சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு மாறிச் சொன்னாலே சராசரி உள்பக்கம் நகர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக இடது பக்கம் மேலேயும் வலது பக்கம் கீழேயும் போனால் மாடலுக்கு அசட்டுத் துணிச்சல். நைவ் பேயஸ் இதற்குப் பெயர்போனது. ஒன்றோடொன்று தொடர்புள்ள அம்சங்களைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணிக்கொண்டு 0க்கும் 1க்கும் ஓடிவிடும். ஆழமான நரம்பு வலையமைப்புகளிலும் இதே போக்கு இருப்பதை 2017இல் வெளியான ஒரு ஆய்வு விரிவாகக் காட்டியது. மிகைப் பொருத்தம் உள்ள, அதாவது பயிற்சித் தரவை மனப்பாடம் செய்துவிட்ட மாடல்களும் பெரும்பாலும் இப்படி நெளியும்.

இங்கே சூத்திரம் போட்டுத் திருப்ப முடியாது. மாடல் பார்க்காத தனித் தரவில் ஒரு திருத்தும் வளைவைப் பொருத்த வேண்டும். இரண்டே அளபுருக்கள் கொண்ட பிளாட் முறை, தரவு குறைவாக இருக்கும்போது பாதுகாப்பானது. ஐசோடோனிக் முறை எந்த வடிவத்துக்கும் வளைந்து கொடுக்கும், ஆனால் சில நூறு பேரை வைத்துப் பொருத்தினால் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு வரும், அது அந்தத் தரவைத்தான் மனப்பாடம் செய்திருக்கும். எதைப் பொருத்தினாலும் சரிபார்க்க மூன்றாவதாக ஒரு தரவு வேண்டும். பொருத்திய தரவிலேயே வரைந்தால் ஐசோடோனிக் எப்போதும் ஜெயித்தது போலத் தெரியும்.

வளைவு மூலைவிட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் நல்ல மாடல் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. பத்தாயிரம் பேருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 0.10 என்று சொல்லும் மாடலுக்கு ஒரே ஒரு புள்ளிதான் இருக்கும், அது மூலைவிட்டத்தின் மேல் சரியாக உட்காரும். யாரை அழைப்பது என்று அதனால் சொல்ல முடியாது. அதனால்தான் வளைவோடு ஏயூசியையோ பிரையர் ஸ்கோரையோ சேர்த்துப் பார்க்கிறோம்.

இன்னொரு சிக்கல் இதைவிட நயவஞ்சகமானது. 0.3 என்று சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர் புதிய வாடிக்கையாளர்கள், பாதிப் பேர் பழையவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்களில் 45% பேரும் பழையவர்களில் 15% பேரும் சந்தாவை நிறுத்தினால் மொத்தத்தில் 30% வந்துவிடுகிறது, புள்ளி மூலைவிட்டத்தில் அமர்ந்துவிடுகிறது. ஆனால் எந்தக் குழுவுக்கும் அந்த எண் உண்மையில்லை. முடிவைப் பாதிக்கக்கூடிய குழுக்களுக்குத் தனித்தனி வளைவு வரைந்தால்தான் இது வெளியே வரும். குழுவைச் சிறிதாக்கினால் பிரிவில் ஆட்கள் குறைவார்கள், மேலே சொன்ன ஊசலாட்டம் திரும்ப வந்துவிடும். ஆகையால் இரண்டு மூன்று முக்கியக் குழுக்களோடு நிறுத்திக்கொள்வது உசிதம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மறுபடி வரைய வேண்டும்?

விடை வரும் வேகத்தைப் பொறுத்தது. இன்று கணித்தவர்கள் நிறுத்தினார்களா இல்லையா என்பது 30 நாள் கழித்துத்தான் தெரியும் என்பதால், இன்று வரையும் வளைவு எப்போதும் ஒரு மாதத்துக்கு முந்தைய மாடலைத்தான் காட்டும். இடையில் மாடல் சொல்லும் சராசரி மட்டும் தினமும் கிடைக்கும். அது 10%இலிருந்து 14%க்கு நகர்ந்தால் வருகிறவர்கள் மாறியிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு உள்ளீடு உடைந்திருக்கலாம்.

இதில் ஒரு பொறியும் இருக்கிறது. மாடலின் பேச்சைக் கேட்டு ஆட்களை அழைக்கத் தொடங்கிவிட்டால், அழைத்தவர்களில் பலர் சந்தாவைத் தொடர்வார்கள். அடுத்த வளைவில் உச்சிப் புள்ளிகள் கீழே இறங்கியிருக்கும். பார்ப்பதற்கு மாடல் மிகையாகச் சொல்வது போலவே இருக்கும், உண்மையில் அழைப்பு வேலை செய்திருக்கிறது. அதிக நிகழ்தகவு உள்ளவர்களிலும் ஒரு சிறு பங்கைத் தற்செயலாகத் தேர்ந்து அழைக்காமல் விட்டுவைத்து, அவர்களை மட்டும் வைத்து வளைவை வரைந்தால்தான் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியும்.